தும்பியின் ஊஞ்சல்

இந்தப் படத்தைப் பார், கண்ணம்மா. மொட்டைமாடிக் கொடியில் காதுக்கொரு கிளிப் மாட்டித் தொங்குவது யார்? நம் தும்பி யானை! ரசத்தில் விழுந்தது அல்லவா, பாட்டி குளிப்பாட்டிக் காயப்போட்டார்.

காற்று வந்தது. தும்பி ஆடியது. முன்னே... பின்னே... முன்னே... பின்னே...

"ஐயோ, என் காது!" என்றது முதலில். பிறகு, "அட, ஊஞ்சல்!" என்று சிரித்தது.

ஓர் அணில் வந்து, பச்சை நூலில் தைத்த வாலை மோந்து பார்த்தது. "காய்ந்துவிட்டாயா?"

"வயிறு மட்டும் இன்னும் சொதசொத."

அணில் போய்விட்டது. வெயிலும் போய்விட்டது. பாட்டி வந்து கிளிப்பைக் கழற்றினார்.

இதோ, உன் பக்கத்தில் படுத்திருக்கிறது. தும்பிக்குப் பொத்தான் கண்கள், தானாக மூட வராது. உன் கையால் மெல்ல மூடிவிடு. அப்படித்தான்...