நிலவறை: முதல் வாசனைத் தொகுப்பின் பணிக்குறிப்பும் பெயர்த் தேர்வும்

பெறுபவர்: கலவையைச் செய்யவிருக்கும் வாசனைக் கலைஞர்
நகல்: புட்டியையும் லேபிளையும் வடிவமைப்பவர்

வெட்டிவேரை மட்டுமே முதுகெலும்பாகக் கொண்ட மூன்று வாசனைத் திரவியங்களைத் தங்களிடமிருந்து எதிர்பார்க்கிறோம். இது எங்கள் முதல் வெளியீடு. ஒவ்வொரு வாசனையிலும் 30 மில்லிலிட்டர் புட்டிகள் 200 மட்டுமே நிரப்பப்படும். விற்றுத் தீர்ந்த பிறகு அடுத்த தொகுதியைப் பற்றி யோசிப்போம்.

எண்ணம்

தோண்டி எடுத்து அலசிய வேர்களைப் பரப்பி வைத்திருக்கும், வெளிச்சம் புகாத ஓர் அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த அறை வேர்கள் ஈரமாக இருக்கும்போது ஒரு மணமும், உலர்ந்த பிறகு வேறொரு மணமும், அதற்குள் புகை புகுந்த பிறகு மூன்றாவது ஒரு மணமும் கொள்ளும். மூன்று வாசனைகளும் ஒரே அறையின் மூன்று நிலைகளே. முன்பின் தெரியாத ஒருவர் மூன்றையும் அடுத்தடுத்து முகர்ந்தால், இவை ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்று சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைக் கேட்டு வாங்கக் கூடாது.

'ஈரம்' இந்தத் தொகுப்பின் மையம். தங்கள் நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வெட்டிவேரை முன்னிறுத்தும் திரவியங்களில் பெரும்பாலானவை எலுமிச்சை இனப் பழங்களின் பளிச்சென்ற மணத்தோடு தொடங்கி, அது கலைந்த பிறகே வேரைக் காட்டுகின்றன. 1959இல் வெளியான கெர்லானின் வெட்டிவர் அந்தப் பாதையின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. அதை நாங்கள் விரும்பி அணிகிறோம், ஆனால் அந்தப் பாதையில் இன்னொருவர் நடக்கத் தேவையில்லை. எங்களுக்கு வேர் முதல் நிமிடத்திலேயே வேண்டும். இது எளிதல்ல என்பதை அறிவோம்: வெட்டிவேர் எண்ணெயின் கனமான மூலக்கூறுகள் மெல்லவே ஆவியாகும் என்பதால், அது இயல்பிலேயே அடித்தட்டுப் பொருள். அதன் மண்மணத்தை முன்னுக்குக் கொண்டுவர இலேசான துணைப் பொருள்கள் தேவைப்படும். கேரட் விதை எண்ணெயையும் கால்பனத்தின் பச்சை வாடையையும் நாங்கள் முகர்ந்து பார்த்தோம். இரண்டும் சரியான திசையில்தான் இருந்தன. ஜியோஸ்மினைத் தாங்கள் நாடினால், டிரில்லியனில் சில பங்குகள் அளவிலேயே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும் என்பதைத் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தது போன்ற மணமாக அது மாறிவிடக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறோம். மழை மணம் எல்லோரிடமும் இருக்கிறது. எங்கள் அறைக்குக் கூரை உண்டு.

'உலர்' எளிமையாக இருக்கட்டும். காகிதம், வைக்கோல், செதுக்கிய மரம் என்னும் திசையில், ஹெய்ட்டி எண்ணெயின் தூய்மையான மணத்தைக் கொண்டு செய்யலாம். கூர்மை அதிகமானால் வெட்டிவெரில் அசிட்டேட் அதைத் தணிக்கும்.

'புகை'க்கு ஜாவா எண்ணெயே இயல்பான தேர்வு, ஏனெனில் அதில் புகை ஏற்கெனவே இருக்கிறது. காட் எண்ணெயோ பிர்ச் தாரோ சேர்ப்பதாக இருந்தால் சுத்திகரிக்கப்பட்ட வகையை மட்டுமே பயன்படுத்த வேண்டும். எரிந்த ரப்பரை நினைவூட்டும் எந்த மாதிரியையும் ஏற்க மாட்டோம். 2006இல் வந்த லாலிக்கின் ஆங்க்ர் நுவார் இருளுக்கு ஒரு நல்ல அளவுகோல்; எங்களுடையது அதைவிடச் சற்றே வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

வேண்டாதவை: பம்ப்ளிமாஸ் வகைத் தொடக்கம், கடல்காற்றை நினைவூட்டும் கேலோன், இனிப்பான வெண்ணிலா. வெண்ணிலின் காலப்போக்கில் திரவத்தைப் பழுப்பாக்கும் என்பது கூடுதல் காரணம். வேரின் சொந்த மஞ்சள் நிறம் தெரியலாம். சாயம் சேர்க்கக் கூடாது. ஆண், பெண் என்ற பிரிவு எங்கள் லேபிளில் இராது.

அளவும் விதிகளும்

எடைக் கணக்கில் 18 சதவீதச் செறிவு. 200 புட்டிகளுக்கு 6 லிட்டர், அதாவது ஏறத்தாழ 5 கிலோ திரவம் ஆகும். எனவே ஒவ்வொரு வாசனைக்கும் 900 கிராம் செறிவுக்கலவை போதும், சிந்தல் சிதறலுக்காக 1 கிலோவாகக் கேட்கிறோம். சிறு தொகுதி என்பதால், குறைந்தபட்சக் கொள்முதல் அளவு பெரிதாக உள்ள மூலப்பொருள்களைத் தவிர்க்கவும். இஃப்ரா தரநிலைகளின் 4ஆம் வகைக்கு ஏற்ற சான்றிதழும், ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலும், பாதுகாப்புத் தரவுத்தாளும் இறுதிக் கலவையுடன் வர வேண்டும். செறிவுக்கலவை 2 வாரமும், ஆல்கஹாலில் கலந்த பின் 4 வாரமும் இருளில் முதிரும். பிறகு குளிரூட்டி வடிகட்டுவோம். இந்தக் காலத்தைக் குறைக்க எங்களுக்கு விருப்பமில்லை.

மாதிரிகள் முதல் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் மூன்று. மொத்தம் நான்கு சுற்றுகளுக்கு மேல் போகாது. மாதிரிக் குப்பிகளில் எண் மட்டும் இருக்கட்டும். பெயரைப் படித்துவிட்டு முகர்பவர் பெயரைத்தான் முகர்கிறார். தாள்கீற்றில் பிடித்ததைத் தோலில் ஆறு மணி நேரம் அணிந்த பிறகே கருத்துச் சொல்வோம்; அக்கருத்து 'நன்றாக இல்லை' என்பதோடு நிற்காது, எந்த நிமிடத்தில் என்ன உறுத்தியது என்பதையும் எழுதி அனுப்புவோம்.

பெயர்

தொகுப்பின் பெயருக்கு நாங்கள் முதலில் நினைத்தது 'வெட்டிவேர்' என்பதையே. பிரெஞ்சும் ஆங்கிலமும் தமிழிலிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது. உலகெங்கும் வேறு எழுத்துகளில் அச்சாகும் ஒரு சொல்லை அதன் சொந்த எழுத்தில் அச்சிடும் ஆசை எங்களுக்கு இருந்தது. ஆனால் பொருளின் பெயரையே வணிகப் பெயராகப் பதிவு செய்ய முயன்றால், அது வெறும் விவரிப்பு என்று மறுக்கப்படும்; பதிவானாலும் அதே வேரைப் பயன்படுத்தும் எவரையும் தடுக்க முடியாது. அடுத்து வந்தது 'ஆணிவேர்'. கம்பீரமான சொல்தான், ஆனால் வெட்டிவேர் புல்லினம். அதற்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான் உண்டு. 'சல்லிவேர்' என்று வைக்கத் துணிந்தவர் எங்களில் ஒருவர்கூட இல்லை, காசுக்கு உதவாத சரக்கு என்று வாங்குபவரே கேலி பேசுவார். 'ஈரவேர்' ஒரு வாரம் தாக்குப்பிடித்தது. மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால் அதையும் விட்டோம்.

'நிலவறை' என்பதை இறுதியாக்கியிருக்கிறோம். நிலத்துக்குக் கீழுள்ள அறை என்பது அதன் நேர்ப்பொருள். வேர்கள் கிடக்கும் அறையும் அதுவே. நிலவு, அறை என்று பிரித்துப் படிப்பவருக்கு வேறோர் அறை திறக்கும். அதை நாங்கள் விளக்கவும் மாட்டோம், மறுக்கவும் மாட்டோம். தொலைபேசியில் ஒரு முறை சொன்னாலே மறுமுனையில் இருப்பவர் எழுதிக்கொள்கிறார். ரோமன் எழுத்தில் றகரமும் ரகரமும் ஒன்றாகிவிடும் என்பது ஒரு குறை. ஆகவே தமிழ் எழுத்தே பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்க வேண்டும் என்று வடிவமைப்பாளரைக் கேட்டுக்கொள்கிறோம். வாசனைப் பொருள்களுக்குரிய 3ஆம் வகுப்பில் பெயர்த் தேடல் முடியும் வரை எதையும் அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

'ஈரம்', 'உலர்', 'புகை' ஆகிய தனிப்பெயர்கள் வணிகப் பெயராகப் பதியப்பட மாட்டா. அவை 'நிலவறை'க்குக் கீழே சிறிய எழுத்தில் வரும் வெறும் அடையாளங்கள். 'புகை' என்னும் சொல்லுக்கு மட்டும் எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. தங்கள் முதல் மாதிரி கையில் கிடைத்த பிறகு அதைப் பற்றி முடிவெடுப்போம்.