ஆச்சி வீட்டு மரம்: படம் போன பிறகு, உறவுமுறையால் எழுதியது

1998-இல் ஆச்சிக்கு எண்பது நிறைந்தபோது சித்தப்பா சார்ட் பேப்பரில் வரைந்த குடும்ப மரம் இனி இல்லை. காகிதம் 2021 நவம்பர் மழையில் மச்சு ஒழுகி ஊறிப்போனது. அதைப் படம் எடுத்து வைத்திருந்த கணினியும் போன மாதம் கெட்டுவிட்டது. இப்போது அந்தக் கோப்பைத் திறந்தால் சாம்பல் நிறக் கட்டம் ஒன்றுதான் வருகிறது. நானும் தம்பியும் பெரிய அத்தையும் உட்கார்ந்து, எந்தப் பெட்டி எங்கே இருந்தது என்று நினைவில் இருந்து எடுத்து எழுதியது இது. அத்தைக்கு எண்பத்து நாலு வயது, பார்வை மங்கிவிட்டது. அதனால் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி எழுதியிருக்கிறேன்.

பெயர் எதையும் சேர்க்கவில்லை. நம் வீட்டில் மூத்த பேரனுக்குப் பாட்டா பெயர் வைப்பது வழக்கம், ஆகவே படத்தில் ஒரே பெயர் மூன்று பெட்டிகளில் இருந்தது. கேட்பவருக்கு அது குழப்பம்தான் தரும். ஆச்சியோ கடைசி வரை பாட்டாவின் பெயரைச் சொன்னதில்லை. உறவுமுறை அப்படிக் குழம்பாது, ஒரே ஒரு நிபந்தனை: யாருக்கு உறவு என்பது மாறக் கூடாது. எனவே கீழே வரும் அம்மா, அண்ணன், மாமன் எல்லாமே ஆச்சிக்குத்தான். எனக்கு என்ன முறை என்று சொல்லும் இடத்தில் "எனக்கு" என்று தனியாக எழுதியிருக்கிறேன்.

படத்தைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: பெண்களுக்குச் சிவப்பு மை, ஆண்களுக்கு நீலம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு, பிள்ளைகளுக்கு ஒற்றைக் கோடு. மூத்தவர் இடப்பக்கம், இளையவர் வலப்பக்கம். இங்கே உள்ளே தள்ளி எழுதியிருப்பவர், அவருக்கு மேலே இருப்பவரின் பிள்ளை. அவ்வளவுதான் விதி.

முதல் தலைமுறை

- ஆச்சியின் பாட்டி, அதாவது அம்மாவைப் பெற்றவள். தாள் உச்சியில் நடுவில் ஒரே ஒரு சிவப்புப் பெட்டி. அவள் கணவருக்குப் பென்சிலால் ஒரு சிறு வட்டம் மட்டும்.

தலைப்பெட்டி ஏன் பெண் என்று படம் பார்த்த பிள்ளைகள் கேட்டது உண்டு. நாஞ்சில் நாட்டில் அன்று நம் ஆட்களுக்கு மருமக்கள்வழி. சொத்து அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது, மாமனிடமிருந்து தங்கை பிள்ளைகளுக்குப் போகும். வீட்டை ஆளும் ஆண் காரணவர். அவர் மறைந்தால் மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்று ஒரு பங்கு கொடுப்பார்கள், மீதி எல்லாம் மருமக்களுக்கு. எனவே குடும்பம் பெண்ணில் தொடங்கிப் பெண் வழியாகவே இறங்கும். கொல்லம் 1101-இல், அதாவது 1925-26-இல், திருவிதாங்கூர் அரசு கொண்டுவந்த நாஞ்சில்நாடு வெள்ளாளர் சட்டத்தோடு அது மாறி, மக்கள்வழி வந்தது. ஆச்சிக்கு அப்போது ஏழெட்டு வயது. ஒரே தாளில் மேல்பாதி பெண்வழியாகவும் கீழ்ப்பாதி ஆண்வழியாகவும் ஓடியதற்கு அதுதான் காரணம்.

இரண்டாம் தலைமுறை: அந்தப் பாட்டியின் பிள்ளைகள் மூவர்

- மூத்த மகன். ஆச்சிக்கு மூத்த மாமன், வீட்டின் காரணவர். மனைவி பூதப்பாண்டிக்காரி.
  - இவரது மகன். இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இன்னொரு முறை வருவார்.
  - இவரது மகள், மேலே சொன்ன மகனின் தங்கை. தாழக்குடியில் கட்டிக்கொடுத்தது. பிள்ளைகள் இல்லை.
- மகள். ஆச்சியின் அம்மா. கணவர் சுசீந்திரத்துக்காரர், ஆச்சியின் அப்பா. இவர்கள் பிள்ளைகள் அடுத்த தலைமுறையில்.
- இளைய மகன். ஆச்சியின் சின்ன மாமன். கல்யாணம் ஆகும் முன்பே வைசூரியில் போய்விட்டார். அவர் பெட்டிக்குக் கீழே கோடு கிடையாது.

மூன்றாம் தலைமுறை: ஆச்சியின் அம்மாவுக்குப் பிறந்த மூவர்

- ஆச்சியின் அண்ணன். பழைய முறை நீடித்திருந்தால் அடுத்த காரணவர் இவர்தான்.
  - மூத்த மகன். நாகர்கோவிலில் பாத்திரக் கடை வைத்திருந்தார்.
  - மகள். இவளும் கீழே இன்னொரு முறை வருவாள்.
  - இளைய மகன். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வைத்தவர். அவருக்கு இரண்டு பெண்கள்.
- ஆச்சி. கணவர், அதாவது பாட்டா, மேலே நினைவில் வைக்கச் சொன்ன மூத்த மாமனின் மகன். கல்யாணம் 1936-இல்.
- ஆச்சியின் தங்கை. திருவனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்தது. போகும்போது எல்லாம் ஒரே திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-இல் நாம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம், அவள் வீடு கேரளத்தில் நின்றுவிட்டது. சித்தப்பா இந்தக் கோட்டின் குறுக்கே பச்சை மையில் சின்னதாக "களியக்காவிளை" என்று எழுதியிருந்தார்.
  - மகன், மகள் என இருவர். நம் பக்கத்தோடு மலையாளம் கலந்துதான் பேசுவார்கள். மகள் அடிக்கடி வந்துபோனாள், எனக்கு அத்தை முறை.

பாட்டா படத்தில் இரண்டு இடத்தில் வருகிறார்: மாமன் வீட்டுக் கிளையில் மகனாக, அம்மா வீட்டுக் கிளையில் மருமகனாக. சித்தப்பா இரண்டு பெட்டிகளையும் தாளின் குறுக்கே வளைந்து போகும் ஒரு புள்ளிக்கோட்டால் இணைத்திருந்தார். அந்தக் கோட்டை எழுத்தில் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் பெரிய அத்தைதான் சொன்னாள்: "அதுக்கு என்ன கோடு? ஆச்சிக்கு அவரு அப்பா பொறந்த நாள்லேருந்தே மாமா. கல்யாணத்துக்குப் பொறவும் மாமாதான்." அம்மாவின் அண்ணனும் மாமா, கணவரின் அப்பாவும் மாமா. சித்தப்பா இழுத்த புள்ளிக்கோடு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

இந்தக் கல்யாணத்துக்குச் சொத்தும் ஒரு காரணம். காரணவர் தன் மகனுக்கு நிலத்தைக் கொடுக்க முடியாத காலத்து வழக்கம் இது. தங்கை மகளையே மகனுக்குக் கட்டினால் அவள் பங்கோடு மகனும் அந்த வீட்டிலேயே இருப்பான். சட்டம் மாறிப் பத்து வருஷம் ஆன பிறகும் பெரியவர்கள் பேசி வைத்ததை மாற்றவில்லை.

நான்காம் தலைமுறை: ஆச்சிக்கும் பாட்டாவுக்கும் பிறந்த அறுவர்

- மூத்த மகன். எனக்குப் பெரியப்பா. மனைவி, மேலே சொன்ன ஆச்சியின் அண்ணன் மகள், எனக்குப் பெரியம்மா. இங்கேதான் இரண்டாவது புள்ளிக்கோடு. ஒரு பெண்ணுக்கு அண்ணன் மகள் மருமகள் முறை, மகன் கட்டிக்கொண்டு வந்தவளும் மருமகள். ஆச்சி அவளைக் கூப்பிட்ட முறை கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் மாறவே இல்லை.
  - மகன்: எனக்கு மூத்த அண்ணன். பாட்டாவின் பெயர் வைத்த முதல் பேரன்.
    - இவருக்கு ஆணும் பெண்ணுமாக இரண்டு. படத்தில் ஆறாம் தலைமுறையில் இருந்தவர்கள் இந்த இரண்டு பேர் மட்டுமே, ஆச்சிக்குக் கொள்ளுப்பேரனும் கொள்ளுப்பேத்தியும்.
  - மகள்: எனக்கு அக்கா.
  - மகன்: எனக்கு இரண்டாவது அண்ணன்.
- மூத்த மகள். எனக்குப் பெரிய அத்தை, இதைக் கேட்டுத் திருத்தியவள்.
  - மகன், மகள். எனக்கு மச்சான், மச்சினி. மச்சானைப் படத்தில் தவறாகத் தங்கைக்கு வலப்பக்கம் வரைந்துவிட்டதாக அத்தை சொன்னாள். மூத்தவன் மச்சான்தான். இங்கே சரியாக எழுதியிருக்கிறேன்.
- இரண்டாவது மகன். எனக்கு அப்பா.
  - நானும் தம்பியும்.
- இரண்டாவது மகள். மூன்று வயதில் காய்ச்சலில் இறந்தவள். பெட்டி மற்றவற்றில் பாதி அளவு. உள்ளே பெயருக்குப் பதிலாக ஒரு பிச்சிப்பூ. தோவாளைப் பூச்சந்தையில் வாங்கி ஆச்சி தினமும் வைப்பது பிச்சிதான். எண்பது நிறைந்த அன்று ஆச்சி படத்தைப் பார்த்தபோது வேறு எதையும் தொடவில்லை, இந்தப் பெட்டியின் மேல் மட்டும் விரலை வைத்தாள். மை காயாமல் இருந்ததால் இதழ் ஒன்று இழுபட்டது. சித்தப்பா அதைத் திருத்தவில்லை.
- மூன்றாவது மகள். எனக்குச் சின்ன அத்தை. தக்கலையில் வீடு.
  - மகள்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் எனக்கு மச்சினி முறை.
- இளைய மகன். எனக்குச் சித்தப்பா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வலது ஓரத்தில் கடைசிப் பெட்டி இவருடையது.

இந்த வரிசையில் பெரியப்பாவின் மூன்று பிள்ளைகளை மட்டும் எங்கே எண்ணுவது என்று கேட்காதீர்கள். ஆச்சிக்கு அவர்கள் மகன் வழிப் பேரப்பிள்ளைகள், ஆச்சியின் அண்ணனுக்கு மகள் வழிப் பேரப்பிள்ளைகள். படத்தில் ஒரு தரம்தான் வரைந்திருந்தது, இங்கும் ஒரு தரம்தான் எழுதியிருக்கிறேன். எண்ணும்போது இரண்டு தரம் எண்ணாமல் இருந்தால் போதும். ஆச்சிக்குப் பேரப்பிள்ளைகள் மொத்தம் ஒன்பது.

படத்தில் இல்லாதவை

1998-க்குப் பிறகு வந்தவர்களை மேலே சேர்க்கவில்லை. சித்தப்பா வரைந்தது எதுவோ அதை அப்படியே வைக்க வேண்டும் என்று நினைத்தேன். தனியாகச் சொல்கிறேன்: எனக்கு ஒரு மகள், தம்பிக்கு இரண்டு மகன்கள், பெரிய அத்தை மகனுக்கு ஒரு மகன், சின்ன அத்தையின் மூத்த மகளுக்கு ஒரு மகள். ஐந்து பேரும் ஆச்சிக்குக் கொள்ளுப்பேரப்பிள்ளைகள். ஆச்சி 2006-இல் போனாள். முதலில் பிறந்த என் மகளை மட்டும் மடியில் வைத்திருந்தாள்.

வரும் சித்திரை விஷுவுக்கு எல்லாரும் வீட்டில் கூடும்போது இதை உரக்க வாசிக்கலாம் என்று இருக்கிறேன். உங்கள் கிளையில் ஏதாவது பிசகு இருந்தால் அன்றே சொல்லுங்கள், பென்சிலோடு வருகிறேன். ஆச்சியின் பாட்டியின் கணவர் எந்த ஊர்க்காரர் என்பது யாருக்காவது தெரிந்தால் அதை முதலில் சொல்ல வேண்டும். சித்தப்பா அந்த வட்டத்தை மையால் வரையாமல் விட்டது அதைக் கேட்டு எழுதத்தான்.

தாளின் கீழே வலது மூலையில், தன் பெட்டிக்கு நேர் கீழே, சித்தப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். அங்கும் பெயர் இல்லை: "அம்மாவுக்கு, கடைசி மகன்."