தேதிக்குரிய கிழமையைக் காட்டுவதும் இரண்டு தேதிகளுக்கு இடையிலுள்ள திங்கட்கிழமைகளை எண்ணுவதும்

திங்கட்கிழமைதோறும் நடக்கும் பயிற்சி வகுப்பு ஒன்று 2025 மார்ச் 3 அன்று தொடங்கி ஜூன் 30 அன்று முடிகிறது. மொத்தம் எத்தனை வகுப்புகள் என்பதை எக்செல் தாளில் கணக்கிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத் தேதி A2 செல்லிலும் முடிவுத் தேதி B2 செல்லிலும் இருக்கின்றன.

எண்ணுவதற்கு முன் அந்தத் தேதிகள் என்ன கிழமை என்று பார்த்துவிடுவது நல்லது. எக்செல் தேதியை ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. 2025 மார்ச் 3 என்பது அதற்கு 45719. எனவே செல்லின் தேதி வடிவத்தை `dddd` என்று மாற்றினாலே, உள்ளிருக்கும் எண் மாறாமல் கிழமையின் பெயர் திரையில் தெரியும். `ddd` என்று கொடுத்தால் சுருக்கப் பெயர் வரும். ஆனால் அப்படித் தெரியும் செல்லை "Monday" என்ற சொல்லோடு ஒப்பிட்டால் பொருந்தாது, ஏனெனில் கண்ணுக்குத் தெரிவது பெயராக இருந்தாலும் அங்கே இருப்பது எண்தான். பெயரே உரையாக வேண்டுமென்றால் பின்வருமாறு எழுதலாம்:

```
=TEXT(A2,"dddd")
```

இதன் விடை வெறும் உரை என்பதால், அதை வைத்து வரிசைப்படுத்தினால் கிழமைகள் அகரவரிசையில் நிற்கும். Friday முதலில் வந்துவிடும். பார்ப்பதற்கு மட்டும்தான் கிழமை என்றால் செல்லின் வடிவத்தை மாற்றுவதே போதும் என்பது என் கருத்து. பெயர் தமிழில், நாம் விரும்பும் எழுத்துக்கூட்டலோடு வர வேண்டுமானால் பட்டியலை நாமே கொடுத்துவிடலாம்:

```
=CHOOSE(WEEKDAY(A2,2),"திங்கள்","செவ்வாய்",
"புதன்","வியாழன்","வெள்ளி","சனி","ஞாயிறு")
```

இங்குள்ள 2 முக்கியமானது. அது இருந்தால் திங்கள் 1, ஞாயிறு 7 என்று எண்ணிக்கை அமையும். விட்டுவிட்டால் ஞாயிறு 1 ஆகி, எல்லாப் பெயர்களும் ஒரு நாள் தள்ளிப்போகும். எக்செல், 1900ஆம் ஆண்டுக்கு இல்லாத பிப்ரவரி 29ஐயும் கணக்கில் சேர்த்துக்கொள்வதால், அந்த ஆண்டு மார்ச் 1க்கு முந்தைய தேதிகளுக்கு மட்டும் அது சொல்லும் கிழமையை நம்ப வேண்டாம்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். பலருக்கும் முதலில் தோன்றுவது, ஒரு தேதியிலிருந்து மற்றொன்றைக் கழித்து ஏழால் வகுப்பது. நம் எடுத்துக்காட்டில் வேறுபாடு 119 நாட்கள், வகுத்தால் 17. ஆனால் இரண்டு முனைகளும் திங்கட்கிழமைகளாக இருப்பதால் உண்மையில் வகுப்புகள் 18. சனிக்கிழமையான மார்ச் 8 முதல் திங்கட்கிழமையான மார்ச் 10 வரை எண்ணினால் பிழை இன்னும் வெளிப்படையாகத் தெரியும்: வகுத்தால் ஒரு முழு வாரம்கூட இல்லை, ஆனால் நடுவே ஒரு திங்கள் இருக்கிறது. சரியான சூத்திரம் இது:

```
=INT((WEEKDAY(A2-2)+B2-A2)/7)
```

வாரம் செவ்வாயில் தொடங்கித் திங்களில் முடிவதாக எண்ணிக்கொண்டால் இது எளிதில் விளங்கும். `WEEKDAY(A2-2)` என்பது தொடக்கத் தேதி அப்படிப்பட்ட வாரத்தின் எத்தனையாவது நாள் என்று சொல்கிறது. செவ்வாய்க்கு 1, திங்களுக்கு 7. அதனோடு இடைப்பட்ட நாட்களைக் கூட்டி ஏழால் வகுத்தால், முடிவுத் தேதிக்குள் நிறைவடைந்த வாரங்களின் எண்ணிக்கை கிடைக்கும். ஒவ்வொரு நிறைவும் ஒரு திங்கள். நம் தேதிகளுக்கு 7 + 119 = 126, அதை ஏழால் வகுத்தால் 18. செவ்வாய்க்கிழமைகளை எண்ண `A2-3` என்றும், ஞாயிற்றுக்கிழமைகளுக்கு `A2-1` என்றும் மாற்றினால் போதும்.

வகுப்பு இல்லாத நாட்களையும் கழிக்க வேண்டியிருந்தால் அடுத்த வழியே வசதி. நடைமுறையில் நான் பெரும்பாலும் இதையே பயன்படுத்துகிறேன்:

```
=NETWORKDAYS.INTL(A2,B2,"0111111",F2:F3)
```

மேற்கோள் குறிக்குள் இருக்கும் ஏழு இலக்கங்களும் திங்களில் தொடங்கும் ஏழு நாட்கள். 0 வேலைநாள், 1 விடுமுறை. திங்களைத் தவிர மற்ற அனைத்தையும் விடுமுறை என்று அறிவித்துவிட்டால், எஞ்சிய "வேலைநாட்கள்" திங்கட்கிழமைகள் மட்டுமே. F2, F3 ஆகிய செல்களில் மே 5, ஜூன் 9 என்ற இரண்டு விடுமுறைத் திங்கள்களைக் கொடுத்தால் விடை 16 ஆகும். விடுமுறைப் பட்டியலில் வேறு கிழமைகள் கலந்திருந்தாலும் கவலையில்லை, அவை ஏற்கெனவே எண்ணப்படாதவை. இதே சூத்திரம் கூகுள் ஷீட்ஸிலும் செயல்படும்.

விடை விசித்திரமாக வந்தாலோ பிழைக்குறி தெரிந்தாலோ, சூத்திரத்தைத் திருத்தும் முன் தேதியைச் சோதியுங்கள். வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய தேதிகள் பல நேரம் உரையாகவே தங்கிவிடுகின்றன. `=ISNUMBER(A2)` என்பதற்கு FALSE வந்தால் அதுதான் காரணம். 05/06/2025 போன்ற தேதியில் நாளும் மாதமும் இடம் மாறிப் பதிவாவது இன்னும் மோசம், ஏனெனில் அப்போது பிழைக்குறி எதுவும் வராமல் தவறான எண்ணிக்கை மட்டும் வரும். கையால் எழுதும்போது `=DATE(2025,6,5)` என்று கொடுத்தால் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.