குளத்து நீரில் கரைந்த ஆக்சிஜன்: விங்க்ளர் முறை ஆய்வக அறிக்கை

நோக்கம்: குளத்து நீரின் கரைந்த ஆக்சிஜனை அயோடின் தரம்பார்த்தலால் அளத்தல், மாதிரி எடுக்கும் விதம் முடிவை எவ்வளவு மாற்றுகிறது என்று கண்டறிதல். பாசி படர்ந்து பச்சையாக இருந்த, சுமார் 2 மீட்டர் ஆழமுள்ள ஊர்க்குளத்தில் காலை 6.30, பிற்பகல் 2.30 மணிக்கு மாதிரிகள் எடுத்தோம்.

செய்முறை: மாதிரி எடுப்பானின் ரப்பர் குழாயை 300 மி.லி. பி.ஓ.டி. பாட்டிலின் அடிவரை விட்டு, பாட்டில் கொள்ளளவைப் போல் இருமடங்கு நீர் வழிந்தோடும்வரை நிரப்பினோம். கரையிலேயே மாங்கனஸ் சல்பேட் 2 மி.லி., கார அயோடைடு-அசைடு 2 மி.லி., பிப்பெட் முனை நீருக்குள் இருக்கும்படி சேர்த்து, குமிழின்றி மூடிக் குலுக்கினோம். பழுப்பு வீழ்படிவு பாதி பாட்டிலுக்குக் கீழே இறங்கியதும் அடர் கந்தக அமிலம் 2 மி.லி. விட்டுக் கரைத்தோம். அசைடு, நைட்ரைட்டின் குறுக்கீட்டை நீக்குகிறது.

முதலில் சேர்த்த இரண்டு கரைசல்களும் 4 மி.லி. நீரை வெளியேற்றிவிடுவதால் 200 மி.லி.க்குப் பதில் 203 மி.லி. எடுத்து, 0.0245 N தயோசல்பேட்டால் தரம்பார்த்தோம். வெளிர் வைக்கோல் நிறம் வந்தபிறகே ஸ்டார்ச் சேர்க்க வேண்டும். அயோடின் மிகுந்திருக்கும்போது சேர்த்தால் நீலம் எளிதில் விடாது, முடிவு நிலை தள்ளிப்போகும். நீலம் முதன்முறை மறைவதே முடிவு நிலை. பிறகு திரும்பும் நீலத்தைக் கணக்கில் கொள்ளவில்லை.

கரைந்த ஆக்சிஜன் (மி.கி./லி.) = V × N × 8 × 1000 / 200; இங்கு V என்பது செலவான தயோசல்பேட்டின் மி.லி., N அதன் நார்மாலிட்டி.

முடிவுகள் (மி.கி./லி.):

காலை, மேற்பரப்பு, 27°செ: எடுப்பான் 3.2, வாளியிலிருந்து ஊற்றியது 4.1
காலை, 1.5 மீ. ஆழம்: எடுப்பான் 1.2, கல் கட்டி இறக்கிய திறந்த பாட்டில் 2.9
பிற்பகல், மேற்பரப்பு, 31°செ: எடுப்பான் 9.8, வாளியிலிருந்து ஊற்றியது 8.9

பிழைகள்: ஒரே மாதிரியை மூன்று முறை தரம்பார்த்தபோது வேறுபாடு 0.1-ஐத் தாண்டவில்லை. ஆகவே மேலே காணும் வித்தியாசங்களுக்குப் பியூரெட் காரணமல்ல.

வாளிப் பிழைக்கு நிலையான திசை கிடையாது. காலையில் நீர் 40% தெவிட்டல் நிலையில் இருந்ததால், ஊற்றும்போது காற்றிலிருந்து ஆக்சிஜன் ஏறியது. பிற்பகலில் பாசியின் ஒளிச்சேர்க்கையால் தெவிட்டல் 132% ஆகியிருந்தது; அதே ஊற்றல் மிகை ஆக்சிஜனை வெளியேற்றியது. எனவே ஒரு திருத்தக் காரணியைக் கழித்து வாளி மாதிரிகளைச் சரிசெய்ய முடியாது. காலை-பிற்பகல் வேறுபாடு 6.6 என்பது, வாளியை நம்பினால் 4.8 ஆகச் சுருங்கிவிடுகிறது.

ஆழ மாதிரியில் பிழை இன்னும் மோசம். திறந்த பாட்டில் இறங்கும் வழியிலேயே மேல்நீரை வாங்கிக்கொள்கிறது, வெளியேறும் காற்றும் நீரைக் கலக்குகிறது. அடிநீரின் கடும் ஆக்சிஜன் பற்றாக்குறை இதனால் மறைந்துபோகிறது.

மூடிக்கடியில் 1 மி.லி. காற்றுக்குமிழ் சிக்கினால், அதிலுள்ள ஆக்சிஜன் முழுதும் வினைபுரிந்தால், முடிவு ஏறக்குறைய 0.9 கூடும். குமிழ் தெரிந்த ஒரு பாட்டிலைக் கணக்கில் சேர்க்காமல், புதிய மாதிரி எடுத்தோம். வினைப்பொருள் சேர்க்காமல் ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்வதும் கூடாது: இருட்டில் பாசியும் பாக்டீரியாவும் சுவாசித்து ஆக்சிஜனைக் குறைத்துக்கொண்டே இருக்கும்.

ஒரே இடத்தில் மட்டும் எடுத்ததால், இந்த எண்கள் குளம் முழுவதற்குமான சராசரி அல்ல. அடுத்த முறை படித்துறை, நடுக்குளம், மதகு ஆகிய மூன்று இடங்களிலும் இரட்டை மாதிரிகள் எடுக்கப்படும்.