நாலாம் ஆண்டு, ஒருவர்

தேவகி ஆகஸ்ட் மாதம் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளியில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். இருவர் அண்ணன் தங்கை. அப்பாவுக்கு ஈப்போவில் லோரி வேலை கிடைத்ததும் செப்டம்பரிலேயே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது தர்ஷினி மட்டும்.

"1923-ல வந்த தொழிலாளர் சட்டம் டீச்சர். பள்ளி வயசுப் பிள்ளைங்க பத்துப் பேர் இருந்தா எஸ்டேட் நிர்வாகம் பள்ளிக்கூடம் வச்சே ஆகணும். அப்படி வந்ததுதான் இதெல்லாம்" என்றார் தலைமையாசிரியர். பதிவேட்டை மூடாமல் அந்த ஒற்றைப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்து பறிக்க இப்போது நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் வருகிறார்கள். அவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வருவதில்லை. லயத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிவிட்டன.

தலைமையாசிரியருக்கு வீடு தானா ராத்தாவில். இன்னொரு ஆசிரியை பிரசவ விடுப்பில் போயிருந்தார். பள்ளிக்குப் பின்னால், தேயிலைச் சரிவின் அடியில் இருந்த ஆசிரியர் குவார்ட்டர்ஸில் தேவகி மட்டும் தங்கினாள். சுங்கை சிப்புட்டில், வாசலில் நின்றாலே நாலு பேர் "பசியாறியாச்சா?" என்று கேட்கும் வீட்டில் வளர்ந்தவள். இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்துவிடும். போனில் அம்மாவின் குரல் பாதியில் அறுந்துபோகும். இடமாற்றத்துக்கு மனுப் போடலாம் என்று முதல் மாதமே முடிவெடுத்திருந்தாள். அதை யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

தர்ஷினி கெட்டிக்காரி. எதைக் கேட்டாலும் சரியாகச் சொல்வாள். கொஞ்சம் தயங்கி, இழுத்து இழுத்துச் சொல்வாளே தவிர, விடை தப்பாது. பாடநூலில் 'நண்பருடன் கலந்துரையாடுக' என்று வரும் இடங்களில் தேவகியே நண்பியாகிவிடுவாள். 'குழுவில் படைத்திடுக' என்றால் தர்ஷினி எழுந்து நின்று காலி மேசைகளுக்கு முன்னால் படைப்பாள்.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. கேமரன் மலையில் வருஷத்திலேயே மழை அதிகம் கொட்டும் காலம் அது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாலேயே வானம் இருட்டிக்கொள்ளும். ஒருநாள் காலையில் கரண்ட் போய்விட்டது. வகுப்பறை சாம்பல் நிறமாகக் கிடந்தது. தேவகி ஜன்னல் பக்கம் நின்று, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டியபடி கேட்டாள்:

"432-ஐ 6-ஆல வகுத்தா?"

பதில் வரவில்லை. தர்ஷினி கண்ணைச் சுருக்கி அவளையே பார்த்தாள். "அறுபத்து..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். "எண்பத்து..." மறுபடியும் நிறுத்தினாள். இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"ஏன்மா எழுந்து வர்ற?"

"டீச்சர் முகம் தெரியல."

தேவகிக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று வருஷமாக இந்தப் பிள்ளை விடையை ஆசிரியர்களின் முகத்திலிருந்து எடுத்திருக்கிறாள். "அறுபத்து" என்னும்போது புருவம் லேசாக ஏறும். "எழுபத்து" என்றதும் இறங்கிவிடும். அதற்குமேல் கணக்கு எதற்கு? நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளைக்கு ஆசிரியரின் புருவம் தெரியாது. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும், அவன் தப்பு என்று சண்டை போடும், யாரும் பார்க்காதபோது அழித்து மாற்றும். தப்புச் செய்ய ஒரு மறைவு கிடைக்கும். தர்ஷினிக்கு அந்த மறைவு ஒருநாளும் கிடைத்ததில்லை. இவள் பென்சிலை எடுத்தாலே பள்ளிக்கூடம் முழுக்க அவளைத்தான் பார்க்கும்.

மறுநாளிலிருந்து தேவகி கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கணக்கைச் சொல்வாள், திரும்பமாட்டாள். முதல் வாரம் தர்ஷினி அழுதாள். "சரியா டீச்சர்? சரிதானே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "நீயே பெருக்கிப் பாரு, சரியான்னு அதுவே சொல்லும்" என்பாள் தேவகி. முதுகுக்குப் பின்னால் அழிப்பான் தேயும் சத்தம் கேட்கும். திரும்பாமல் இருப்பது அவளுக்கும் சுலபமாக இல்லை.

அப்புறம் மழைமானி. அதில் யார் முகத்தையும் பார்த்து விடை சொல்ல முடியாது என்பதால்தான் தேவகிக்கு அந்த யோசனையே வந்தது. மினரல் வாட்டர் போத்தலின் தலையை வெட்டி, கவிழ்த்துச் செருகினார்கள். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருந்ததால் கூழாங்கல் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து பூஜ்ஜியம் என்று அளவுகோலை ஒட்டினார்கள். திடலின் நடுவில், மரமோ கூரையோ சொட்டாத இடத்தில் வைத்தார்கள். காலையிலும் பள்ளி விடும்போதும் தர்ஷினி குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து படிப்பாள். நோட்டில் எழுதிவிட்டுப் பழைய அளவு வரை கொட்டுவாள். பின்பக்கக் கால்வாயில் தண்ணீர் எத்தனையாவது படி வரை வந்திருக்கிறது என்றும் எழுத ஆரம்பித்தாள். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"எங்க பாட்டி தண்ணியத்தான் பாப்பாங்க டீச்சர்" என்றாள்.

பாட்டி முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்ட ராத்திரி, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து ஆட்கள் இறந்துபோனது அவருக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து மழை பெய்தால் தூங்கமாட்டார். "மேல காட்ட வெட்டி பிளாஸ்டிக் கூடாரம் போட்டு காய்கறி நட்டுட்டாங்க. மண்ணப் புடிச்சு நிக்க வேர் எங்க இருக்கு?" என்று தேவகியிடம் ஒருமுறை சொல்லியிருந்தார்.

நவம்பர் நடுவில் ரிங்லெட்டுக்கு இறங்கும் எஸ்டேட் சாலையில் மண் சரிந்தது. ஃபோர்வீல்கூடத் திரும்பிவிட்டது. தலைமையாசிரியர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். லைன் இல்லை, கரண்ட் இல்லை. அரிசியும் நெத்திலியும் இருந்தன. தர்ஷினி மட்டும் எதிர்மேட்டு லயத்திலிருந்து ரெயின்கோட் போட்டுக்கொண்டு நடந்து வந்தாள். "சாலைதானே உடைஞ்சிருக்கு, பாதை நல்லாத்தான் இருக்கு" என்று நின்றாள். அவளுக்கு ஒரு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, தேவகி பதிவேட்டை எடுத்து அடையாளமிட்டாள்.

சாலை அடைபட்ட மூன்றாம் நாள் மழை பேச்சையே விழுங்கியது. பள்ளி விடும் நேரம் தர்ஷினி மழைமானியைப் பார்க்கப் போனாள். திரும்பி வர நேரமாகியது. தேவகி குடையோடு வெளியே வந்தாள்.

"இந்த மழைல போகவேணாம். என் வீட்டுல இரு. விட்டதும் நான் கொண்டாந்து விடறேன்."

யார் கேட்டாலும் நியாயமான பேச்சுதான். தர்ஷினி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதில் தீர்மானம் இருந்தது. பழைய தர்ஷினியாக இருந்தால் செருப்பைக் கழற்றி உள்ளே போயிருப்பாள்.

"வேணாம் டீச்சர். உங்க வீட்டுக்கு நீங்களும் போகவேணாம்."

"ஏன்?"

ரெயின்கோட்டுக்குள்ளிருந்து நோட்டை எடுத்தாள். கை நடுங்கியது. ஆனால் விரலை வரியில் வைத்துத்தான் பேசினாள். "நேத்து முழுக்க 31. கால்வாய் ரெண்டாம் படி வரைக்கும் வந்துச்சு. இன்னைக்குக் காலையிலேருந்தே 74. கால்வாயில முதல் படிகூட நனையல."

"அடைச்சிருக்கும்."

"அடைச்சா இங்க நிறையணும் டீச்சர். இங்க தண்ணியே வரல. மேலதான் எங்கயோ நிக்குது."

தேவகி பின்பக்கம் போய்ப் பார்த்தாள். எப்போதும் இரைந்து ஓடும் கால்வாயில் விரல் தடிமனுக்குக் காவி நிறத்தில் ஏதோ வழிந்துகொண்டிருந்தது. மேலே சரிவில் ஒரு தேயிலை வரிசை, நேற்றுவரை நேராக இருந்தது, நடுவில் தொய்ந்திருந்தது. அவள் பிள்ளையின் கையைப் பிடித்தாள். பதிவேட்டைத் தவிர எதையும் எடுக்கவில்லை.

மேட்டு மாரியம்மன் கோயிலில் மண்டோர் இருந்தார். தேவகி சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "நீ சொல்லும்மா" என்றாள். தர்ஷினி நோட்டைக் காட்டி மறுபடி சொன்னாள். மண்டோர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கோயில் மணியை அடித்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, கீழ் ஷெட்டில் தங்கியிருந்த ஆட்களைக் கூட்டிவர இறங்கி ஓடினார். அவர்கள் பாய், அடுப்பு, போன் என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள்.

நாலு மணிக்கு மேல் சரிந்தது. சத்தம் முதலில் மழைக்குள்ளிருந்து வருவதுபோலத்தான் இருந்தது. காய்கறிக் கூடாரங்களின் பிளாஸ்டிக், வேரோடு தேயிலைச் செடிகள், சேறு எல்லாம் சேர்ந்து இறங்கின. குவார்ட்டர்ஸின் சமையலறையையும் படுக்கையறையையும் அது நிரப்பிவிட்டது. கழிப்பறை வரிசை இல்லை. கீழ் ஷெட்டின் கூரை மட்டும் தெரிந்தது. வகுப்பறைச் சுவரில் நீளமாக ஒரு வெடிப்பு. கோயிலில் மண்டோர் ஆட்களை இரண்டு முறை எண்ணினார். எல்லாரும் இருந்தார்கள்.

தலைமையாசிரியர் சாலை திறக்கும்வரை காத்திருக்கவில்லை. சரிந்த மண்ணைச் சுற்றிக்கொண்டு நடந்தே வந்தார். முழங்கால் வரை சேறு. தர்ஷினியைப் பார்த்ததும் அவளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் பேச வரவில்லை.

"பள்ளிக்கூடத்தை இனிமே இங்க நடத்த விடமாட்டாங்க டீச்சர்" என்றார் அப்புறம். "லைசென்ஸை வேற எங்கயாச்சும் புதுத் தாமான் பக்கம் மாத்திடுவாங்க. நீங்க மனுப் போடணும்னு இருந்தீங்களே, இப்பப் போட்டா உடனே கிடைக்கும்."

"இவ எங்க போறாளோ அங்கதான் ஐயா நானும். இந்த வருஷம் முடியட்டும்."

அடுத்த வாரம் இருவரும் கீழே டவுன் தமிழ்ப்பள்ளிக்குப் போனார்கள். நாலாம் ஆண்டில் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். தர்ஷினி இத்தனை முகங்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். தேவகி உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, வெளியே நடைபாதையில் நின்றாள்.

ஓய்வு நேரத்துக்கு முன் அறிவியல். மழையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பக்கத்துப் பையன் வேகமாக எழுதிவிட்டு நோட்டை அவள் பக்கம் தள்ளினான். "நேத்து 100 மில்லிமீட்டர் பெஞ்சுச்சு. பார்த்து எழுதிக்கோ."

தர்ஷினி அதைப் படித்தாள். ஜன்னலுக்கு வெளியே தேவகி நிற்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நீ அளந்தியா?"

"இல்ல. பெரிய மழைதானே."

"அளக்காம எப்படி எழுதுவ? அழி."

"நீ யாரு அழின்னு சொல்றதுக்கு?"

"போத்தல் இருக்கா? ஓய்வுக்கு வா, செஞ்சு காட்டறேன்."

அவன் அழிக்கவில்லை. இருவரும் சண்டை போட ஆரம்பித்தார்கள். முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். வகுப்பாசிரியை மேசையைத் தட்டி, "யாருமா அது புதுப் பிள்ளை, பேசறது?" என்று கேட்டார்.

"நான்தான் டீச்சர்" என்று எழுந்து நின்றாள் தர்ஷினி. "இவன் எழுதினது தப்பு."