அறநெறிப் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் பொறுப்பாசிரியர் உரை

எல்லோருக்கும் வணக்கம். குருக்கள் ஐயா, ஆலய பரிபாலன சபையினர், ஒட்டுசுட்டானிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருந்து வயல்வேலையை விட்டு வந்திருக்கிற அம்மாமார், அப்பாமார், அம்மம்மாமார், என் பிள்ளைகளே, நீண்ட பேச்சு வேண்டாம், உங்கள் பிள்ளைகள் இந்த வருடம் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தை மாதத்தில் "தோடுடைய செவியன்" பாடச் சொன்னால் பாதிப் பேர் "விடையேறியோர் தூ" என்று மூச்சை விட்டுவிட்டு, பிறகு "வெண்மதி" என்று தொடங்குவார்கள். ராகம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் பொருள் போய்விடும். விடை ஏறி, ஓர் தூவெண் மதி சூடி என்று சொல் பிரித்து, எருதில் ஏறி வருகிறவர் யார், தலையில் இருக்கிற நிலவு எது என்று படம் கீறிக் காட்டின பிறகுதான் மூச்சு தானாகவே சரியான இடத்தில் நின்றது. இன்றைக்கு நான்காம் வகுப்புப் பிள்ளைகள்கூட நட்டபாடைப் பண்ணில் அதைப் பாடுகிறார்கள், பஞ்சபுராணத்தை முறை மாறாமல், திருச்சிற்றம்பலம் சொல்லித் தொடங்கி அதையே சொல்லி முடிக்கிறார்கள். பெரிய வகுப்பார் சுந்தரர் திருக்கேதீச்சரத்துக்குப் பாடிய பதிகம் முழுவதையும் புத்தகம் இல்லாமல் பாடுவார்கள். அந்தப் பாலாவிக் கரை நம் மன்னாரில்தான் இருக்கிறது, போன பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு வேறு மாதிரித்தான் கேட்கும்.

குரல் நன்றாக இருக்கிறது என்பதற்காக யாருக்கும் பரிசு இல்லை. குரல் பிறப்போடு வருவது. தை மாதத்தில் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்தார்கள் என்றுதான் பார்த்தோம்.

நன்னடத்தைப் பரிசைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் சத்தம் போடாமல் இருக்கிற பிள்ளைக்குத்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. திக்கித் திக்கிப் பேசுகிற ஒரு சின்னப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு அடியின் முதற்சொல்லையும் மெதுவாக எடுத்துக் கொடுத்து, அந்தப் பிள்ளை தனியாகப் பாடத் தொடங்கினதும் தன் வாயை மூடிக்கொண்ட மாணவி ஒருத்தி இருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாரியில் வாய்க்கால் நிரம்பி ஓடும்போது தம்பி தங்கைமாரைக் கையைப் பிடித்துக் கடக்கவிட்டுத்தான் பெரிய பொடியன்கள் தங்கள் சைக்கிளை எடுப்பார்கள். இவைதான் எங்கள் புள்ளிகள்.

பெற்றோரிடம் ஒரேயொரு வேண்டுகோள். அறுவடை நாட்களில் பிள்ளை உதவிக்கு வேண்டும் என்பது எனக்குத் தெரியும், நானும் வயல் செய்கிறவன்தான். ஆனாலும் ஞாயிறு காலை வகுப்புக்கு மட்டும் விட்டுவிடுங்கள், மத்தியானத்துக்குப் பிறகு கூட்டிக்கொண்டு போங்கள். இரவில் விளக்கு வைக்கும்போது ஒரு பாட்டுப் பாடச் சொல்லி, கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து கேளுங்கள், நீங்கள் கேட்கிறீர்கள் என்று தெரிந்தாலே பிள்ளை திருத்திப் பாடும்.

சரி, பாலர் வகுப்புப் பிள்ளைகள் முதலில் வரிசையாக வாருங்கள். பரிசு வாங்கினதும் ஓடிவிடாதீர்கள், எல்லோரும் சேர்ந்து திருப்பல்லாண்டு பாடின பிறகுதான் சர்க்கரைப் பொங்கல்.