தொடக்கக் கல்வி பட்டயப் படிப்பில் சேர்வதற்கான என் விளக்கம்

ஐயா / அம்மா,

எனக்கு 28 வயது. பி.காம். முடித்துவிட்டு நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் ஆறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பில் போடுவது, டேலியில் ஏற்றுவது, மாதக் கடைசியில் வரவு செலவைச் சரிபார்ப்பது என் வேலை. கணக்கு உதைத்தால், வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா என்று முதலில் பார்ப்போம். வகுபட்டால் பெரும்பாலும் 4,530-ஐ 4,350 என்று யாரோ இலக்கம் மாற்றிப் போட்டிருப்பார்கள். தப்புக்கும் ஒரு வழித்தடம் உண்டு என்று கற்றுக்கொண்டது அங்கேதான்.

2022 தொடக்கத்தில் எங்கள் தெருவில் இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலராகச் சேர்ந்தேன். ஐந்து மணிக்கே கிளம்ப முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் 52-இல் 27 போனால் 35 என்று எழுதியிருந்தான். அடித்துவிட்டு 25 என்று போடக் கை போனது. ஆனாலும், "எப்படிப்பா போட்டே?" என்று கேட்டேன். "பெருசுல இருந்துதானே மிஸ் சின்னதைக் கழிக்கணும்? ஏழுல ரெண்டு போனா அஞ்சு" என்றான். அவன் கவனக்குறைவாகப் போடவில்லை. ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் போட்டிருந்தான். மறுநாள் விளக்குமாற்றுக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுபோனேன். ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் கொடுத்து, இருபத்தேழு கேட்டேன். இரண்டு கட்டைத் தந்துவிட்டு, கையிலிருந்த இரண்டு குச்சியையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் அவனே ஒரு கட்டைப் பிரித்தான். அந்த நிமிடம்தான் என்னை இந்த விண்ணப்பம் வரை கொண்டுவந்திருக்கிறது.

எனக்குக் கைவராததையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு எழுத்து ஒவ்வொன்றும் தெரியும், சேர்த்து வாசிக்க மட்டும் வராது. திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாளடைவில் அவள் வருவதையே நிறுத்திவிட்டாள். ஆசையும் பொறுமையும் மட்டும் போதாது, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அன்று புரிந்தது.

பட்டதாரி நீ, பி.எட். படிக்கலாமே என்கிறார்கள். ஆனால் நான் விரும்புவது ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளை. அதற்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு வராமல் இருந்திருந்தாலும் இந்தப் படிப்பைத்தான் கேட்டிருப்பேன். சின்னப் பிள்ளைகள் எண்ணையும் எழுத்தையும் எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

இரண்டு வருடம் சம்பளம் இருக்காது. வீட்டில் பேசி, அதற்கான பணத்தைச் சேர்த்து வைத்திருக்கிறேன். இடம் கிடைத்தால் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வருவேன்; படிப்பை முடித்துத் தகுதித் தேர்வின் முதல் தாளும் எழுதுவேன். நேர்காணலுக்கு எந்த நாளில் அழைத்தாலும் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்